எட்டுக் கடலை, ஆறு ஈர்க்குச்சி: டைபோரேன் எப்படி ஒரே மூலக்கூறாக நிற்கிறது?

ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையில் வெள்ளைக் கடலை இரண்டு, கறுப்புக் கடலை ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, விரல் நீளத் துண்டுகளாக ஆறு உடைத்துக்கொள்ளுங்கள். பச்சை ஈர்க்கு கிடைத்தால் இன்னும் நல்லது. அது ஏன் என்று பிறகு தெரியும். வெள்ளைக் கடலை போரான் அணு, கறுப்புக் கடலை ஹைட்ரஜன் அணு. ஒரு குச்சி என்பது இரண்டு எலக்ட்ரான்கள் கொண்ட ஒரு சோடி. இப்போது எட்டுக் கடலைகளையும் ஆறு குச்சிகளால் ஒரே பொருளாகக் கோத்துவிட வேண்டும். ஒரு முனையைத் தூக்கினால் மொத்தமும் கூடவே எழுந்து வரவேண்டும். ஒரு குச்சியின் இரு முனைகளில் இரண்டு கடலைகளைக் குத்தலாம், அவ்வளவுதான் விதி.

முடியாது. எப்படி மாற்றிக் குத்தினாலும் முடியாது. தொடக்கத்தில் எட்டுத் தனித்தனிக் கடலைகள் இருக்கின்றன. ஒரு குச்சி குத்தினால் இரண்டு துண்டுகள் ஒன்றாகும், அதாவது துண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறையும். ஆறு குச்சிகளும் தீர்ந்தபின் குறைந்தது இரண்டு துண்டுகள் மிச்சமிருக்கும். எட்டை ஒன்றாக்க ஏழு குச்சிகள் வேண்டும்.

டைபோரேன், அதாவது B₂H₆, சரியாக இந்த நிலையில்தான் இருக்கிறது. போரானின் வெளிக்கூட்டில் மூன்று எலக்ட்ரான்கள். இரண்டு போரானுக்கு ஆறு. ஹைட்ரஜனுக்கு ஒன்று வீதம் ஆறு. மொத்தம் பன்னிரண்டு, ஆக ஆறு சோடிகள். அணுக்களோ எட்டு. ஆனாலும் டைபோரேன் ஒரே மூலக்கூறாகத்தான் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் வாயு, சுமார் −92.5 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதன் ஆவியடர்த்தியை அளந்து பார்த்தால் BH₃ இல்லை, B₂H₆ என்றுதான் கணக்கு வருகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஈத்தேனை எடுத்துக்கொள்வோம். C₂H₆, அதிலும் எட்டு அணுக்கள். கார்பனுக்கு நான்கு எலக்ட்ரான்கள் என்பதால் மொத்தம் 8 + 6 = 14, ஏழு சோடிகள். ஏழு குச்சிகள் தேவை, ஏழு கையில் இருக்கின்றன. நடுவில் கார்பன்–கார்பன் ஒன்று, ஹைட்ரஜன்களுக்கு ஆறு, சரியாகப் போய்விடும். லூயிஸ் 1916-இல் சொன்ன சோடிக் கணக்கு கார்பன் சேர்மங்களில் இவ்வளவு அழகாக வேலை செய்வதற்குக் காரணம், கார்பனிடம் இணைதிறன் ஆர்பிட்டால்களும் நான்கு, எலக்ட்ரான்களும் நான்கு. போரானிடம் ஆர்பிட்டால்கள் அதே நான்குதான், எலக்ட்ரான்கள் மூன்று. ஒவ்வொரு போரானிலும் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது.

ஆறு குச்சிகளை வைத்துக் கோத்தவர்களுக்கு மேசைமேல் பெரும்பாலும் என்ன மிஞ்சியிருக்கும்? ஒவ்வொரு வெள்ளைக் கடலையைச் சுற்றியும் மூன்று கறுப்பு, ஆக இரண்டு BH₃. லூயிஸ் கணக்கு தரும் நேர்மையான விடை அதுதான். "எனக்கு இருக்கும் சோடிகளுக்கு இரண்டு தனி மூலக்கூறுகள் செய்து தருகிறேன், அதற்கு மேல் முடியாது" என்கிறது. ஆனால் இயற்கை அந்த இரண்டு BH₃-யையும் சேர்த்துவிடுகிறது. சேர்வதால் ஒரு மோல் டைபோரேனுக்குச் சுமார் 150 கிலோஜூல் ஆற்றல் வெளிவருகிறது. இது ஏதோ மூலக்கூறுகள் பக்கத்தில் வந்து இலேசாக ஒட்டிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. உண்மையான வேதிப்பிணைப்பின் அளவுள்ள ஆற்றல்.

சரி, ஒரு குச்சியின் விதியை மாற்றுவோம்.

முதலில் நான்கு குச்சிகளைப் பழைய விதிப்படியே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வெள்ளைக் கடலையிலும் இரண்டு கறுப்பைக் குத்துங்கள். இப்போது இரண்டு BH₂ துண்டுகள், தனியாக இரண்டு கறுப்புக் கடலைகள், மீதி இரண்டு குச்சிகள். அந்த மீதிக் குச்சிகளில் ஒன்றை எடுத்து, ஒரு கறுப்புக் கடலையின் நடுவே ஊடுருவும்படி செருகி, கடலையைக் குச்சியின் மையத்துக்குக் கொண்டுவாருங்கள். குச்சியின் இரண்டு முனைகளும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனையை ஒரு வெள்ளைக் கடலையிலும் மறு முனையை இன்னொரு வெள்ளைக் கடலையிலும் குத்துங்கள். ஒரே குச்சி மூன்று கடலைகளைக் கோத்துவிட்டது. இன்னொரு குச்சியையும் கறுப்புக் கடலையையும் அதேபோல எதிர்ப்பக்கத்தில் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. எட்டுக் கடலை, ஆறு குச்சி, ஒரே பொருள். இரண்டு குச்சிகளும் இரண்டு வெள்ளைக் கடலைகளுக்கு நடுவே மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வளைய வேண்டியிருக்கும். காய்ந்த ஈர்க்கு அங்கே ஒடிந்துபோகும் என்பதால்தான் பச்சை ஈர்க்கு கேட்டேன். இந்த வளைவைப் பார்த்துத்தான் இதற்கு வாழைப்பழப் பிணைப்பு என்ற செல்லப்பெயரும் வந்தது.

மூன்று அணுக்களின் மையங்களை இரண்டே எலக்ட்ரான்கள் பிணைத்து வைப்பதால் இதன் முறையான பெயர் மூன்று மைய இரண்டு எலக்ட்ரான் பிணைப்பு. டைபோரேனில் இப்படி இரண்டு உண்டு. நடுவில் இருக்கும் இரண்டு ஹைட்ரஜன்களைப் பால ஹைட்ரஜன்கள் என்றும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கையும் முனை ஹைட்ரஜன்கள் என்றும் சொல்வது வழக்கம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சரிபார்த்துவிடுவோம். எலக்ட்ரான் போதவில்லை, ஆகவே எண்ம விதி உடைந்துவிட்டது என்று பலர் எழுதுவார்கள். எண்ணிப் பாருங்கள். ஒரு போரானைச் சுற்றி முனைப் பிணைப்புகளின் சோடிகள் இரண்டு, பாலங்களின் சோடிகள் இரண்டு, மொத்தம் எட்டு எலக்ட்ரான்கள். எண்மம் முழுமை. ஒவ்வொரு ஹைட்ரஜனைச் சுற்றியும் ஒரு சோடி, அதுவும் முழுமை. யாருக்கும் குறையவில்லை, யாருக்கும் கூடவும் இல்லை. லூயிஸ் கணக்கில் உடைந்துபோன பகுதி ஒன்றே ஒன்றுதான்: ஒரு சோடி என்றால் இரண்டு அணுக்களுக்கு நடுவே ஒரு கோடு என்ற அனுமானம். அந்தச் சோடியை மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டால் மற்ற கணக்கெல்லாம் அப்படியே நிற்கிறது. அதனால் 'எலக்ட்ரான் குறைச் சேர்மம்' என்ற பாடப்புத்தகச் சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். அதைப் படிக்கும் மாணவர், இந்த மூலக்கூறில் எங்கோ நிரப்பப்பட வேண்டிய ஓட்டை இருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறார். உண்மையில் பிணைக்கும் ஆர்பிட்டால்கள் எல்லாமே நிரம்பிவிட்டன. இன்னும் இரண்டு எலக்ட்ரான்களைத் திணித்தால் பாலம் பலப்படாது. ஈத்தேனுக்குச் சமமான வேறொரு அமைப்பைத்தான் அது நாடும்.

மூன்று பேர் ஒரு சோடியைப் பங்கிடுவது எப்படிச் சாத்தியம், அதில் என்ன லாபம்? இதற்கு ஆர்பிட்டால்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு பாலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இடது போரானிலிருந்து ஓர் sp³ இனக்கலப்பு ஆர்பிட்டால், வலது போரானிலிருந்து இன்னொன்று, நடுவில் ஹைட்ரஜனின் 1s. மூன்று ஆர்பிட்டால்கள் கலந்தால் மூன்று புதிய ஆர்பிட்டால்கள் வரும். அவற்றில் மிகக் கீழே இருப்பதில் மூன்றும் ஒரே குறியோடு சேர்கின்றன. எலக்ட்ரான் அடர்த்தி இடது போரானிலிருந்து ஹைட்ரஜன் வழியாக வலது போரான் வரை தொடர்ச்சியாகப் பரவுகிறது. இதுதான் பிணைக்கும் ஆர்பிட்டால். நடு உயரத்தில் இருப்பதில் இரண்டு போரான்களும் எதிரெதிர்க் குறியோடு இருக்கின்றன, ஹைட்ரஜனின் பங்கு பூஜ்யம். அது பெரிதாகப் பிணைக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. மேலே இருப்பது எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால். நம்மிடம் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களும் மிகக் கீழ் ஆர்பிட்டாலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. மேல் இரண்டும் காலி.

லாபத்தை ஒரு தோராயக் கணக்கில் காட்டலாம். போரானின் ஆர்பிட்டாலும் ஹைட்ரஜனின் ஆர்பிட்டாலும் ஒரே ஆற்றலில் இருப்பதாகவும், பக்கத்து அணுக்கள் மட்டுமே ஒன்றையொன்று பாதிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டு அணுக்களுக்கு நடுவே உள்ள சாதாரணப் பிணைப்பில் ஓர் எலக்ட்ரான் 1 அலகு கீழே இறங்குகிறது. சோடிக்கு 2 அலகு லாபம். மூன்று அணுக்கள் வரிசையாக இருந்தால் ஓர் எலக்ட்ரான் √2, அதாவது 1.41 அலகு இறங்குகிறது, சோடிக்கு 2.83. இனி ஒப்பிடலாம். இரண்டு BH₃ தனித்தனியாக இருந்தால், பாலத்துக்குப் போகவிருக்கும் இரண்டு ஹைட்ரஜன்களும் இரண்டு சாதாரணப் பிணைப்புகளில் இருக்கும். லாபம் 4 அலகு. சேர்ந்து டைபோரேன் ஆனால் இரண்டு பாலங்கள், லாபம் 5.66. எலக்ட்ரான் ஒன்றுகூடக் கூடவில்லை. ஒவ்வொரு BH₃-யிலும் சும்மா கிடந்த காலி ஆர்பிட்டால் வேலைக்கு வந்ததுதான் வித்தியாசம்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 2.83 என்பது ஒரு முழுப் பிணைப்பின் 2-ஐ விட அதிகம், ஆனால் இரண்டு முழுப் பிணைப்புகளின் 4-ஐ விடக் குறைவு. அதாவது பாலத்தின் ஒவ்வொரு கையும் சாதாரண B–H பிணைப்பைவிடத் தளர்ந்தது. அளந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. முனை B–H தூரம் சுமார் 1.19 ஆங்ஸ்ட்ராம், பால B–H தூரம் சுமார் 1.33. அகச்சிவப்பு நிறமாலையில் முனை B–H நீட்சி 2500-க்கும் 2600-க்கும் இடையே வரும்போது, பாலத்தின் வலுவான பட்டை 1600 செ.மீ⁻¹-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. தொய்ந்த கம்பி மெதுவாக அதிர்வதைப்போல.

வடிவத்தையும் மனக்கண்ணில் சரியாகப் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கரும்பலகைப் படம் இதைத் தட்டையாக்கிவிடும். இரண்டு போரான்களும் நான்கு முனை ஹைட்ரஜன்களும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. மேசைமேல் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பால ஹைட்ரஜன் மேசைக்கு மேலே, இன்னொன்று கீழே. இரண்டு போரான்களும் இரண்டு பால ஹைட்ரஜன்களும் ஒரு சாய்சதுரம். பக்கம் 1.33 ஆங்ஸ்ட்ராம், போரான்–போரான் தூரம் 1.77. இந்த இரண்டு எண்களை வைத்து நீங்களே கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். 1.77-இல் பாதி 0.885, அதை 1.33-ஆல் வகுத்தால் 0.665, அதன் சைன் கோணம் சுமார் 41.7 டிகிரி; இரண்டு மடங்கு 83 டிகிரி. அதுதான் ஹைட்ரஜனில் உள்ள B–H–B கோணம். போரானில் உள்ள கோணம் மீதி 97.

மேசையும் அதற்கு மேலும் கீழும் ஏதோ ஒன்றும் என்ற இந்த அமைப்பை எங்கோ பார்த்த ஞாபகம் வருகிறதா? எத்திலீன். C₂H₄-இலும் ஆறு அணுக்கள் ஒரே தளம், மேலும் கீழும் பை எலக்ட்ரான் மேகம். அதன் இணைதிறன் எலக்ட்ரான்களும் பன்னிரண்டுதான். கற்பனையில் எத்திலீனின் ஒவ்வொரு கார்பன் அணுக்கருவிலிருந்தும் ஒரு புரோட்டானைப் பிடுங்கினால் கார்பன் போரானாகிவிடும். பிடுங்கிய இரண்டு புரோட்டான்களை மேல் மேகத்தில் ஒன்று, கீழ் மேகத்தில் ஒன்று என்று அமிழ்த்தினால் டைபோரேன் கிடைத்துவிடும். அமெரிக்க வேதியியலாளர் கென்னத் பிட்சர் 1945-இல் இதைப் 'புரோட்டான் ஏறிய இரட்டைப் பிணைப்பு' என்று விவரித்தார். ஈத்தேனோடு ஒப்பிட்டுக் குழம்புவதைவிட எத்திலீனோடு ஒப்பிடுவது எவ்வளவோ தெளிவு.

ஈத்தேனோடு ஒப்பிட்டுக் குழம்பியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போரான் ஹைட்ரைடுகளை முதன்முதலில் ஒழுங்காகப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஷ்டொக். 1912-இல் தொடங்கினார். மக்னீசியம் போரைடை அமிலத்தில் போட்டு வந்த வாயுக் கலவையைப் பிரிப்பது லேசான காரியம் இல்லை. அவற்றில் பல காற்றுப்பட்டதும் தீப்பிடிக்கும், ஈரம் பட்டால் சிதையும். அதற்காகவே காற்றே புகாத கண்ணாடி வெற்றிடக் கருவியை அவர் உருவாக்கினார். அதில் பாதரச வால்வுகள், பாதரசப் பம்புகள். பல வருடம் அந்த ஆவியைச் சுவாசித்து உடம்பு கெட்டு, காரணம் பாதரசம்தான் என்று கண்டுபிடித்து 1926-இல் அதைப்பற்றியே எழுதினார். B₂H₆, B₄H₁₀, B₅H₉, B₁₀H₁₄ என்ற வாய்பாடுகள் எல்லாம் அந்தக் கருவியின் வழியாக வந்தவை. BH₃-யைத் தனியாகப் பிடிக்க அவரால் முடியவே இல்லை.

வாய்பாடு தெரிந்தபின்னும் அமைப்பில் சண்டை ஓயவில்லை. பாலம் போட்ட அமைப்பை 1921-லேயே டில்தை என்பவர் வரைந்து காட்டியிருந்தார், ஆனால் அது எடுபடவில்லை. பெரும்பாலோர் ஈத்தேன் மாதிரி H₃B–BH₃ என்றே வரைந்தார்கள். எலக்ட்ரான் குறைவதைச் சமாளிக்க, சில பிணைப்புகளில் ஓர் எலக்ட்ரான் மட்டும் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார்கள். 1937-இல் வந்த எலக்ட்ரான் விளிம்புவிளைவு ஆய்வு ஒன்றும் ஈத்தேன் வடிவத்துக்கே சாதகமாகப் பேசியது. இந்த நிலையில் ஆக்ஸ்ஃபோர்டில் இளநிலை மாணவராக இருந்த கிறிஸ்டோஃபர் லாங்கெட்-ஹிக்கின்ஸ், தன் ஆசிரியர் ஆர். பி. பெல்லுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது பாலம்தான் சரி என்ற முடிவுக்கு வந்தார். இருவரும் சேர்ந்து 1943-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அவருக்கு இருபது வயதுதான். சில வருடங்களில் அகச்சிவப்பு நிறமாலை அவர் பக்கம் சாய்ந்தது. 1951-இல் ஹெட்பர்க்கும் ஷோமேக்கரும் விளிம்புவிளைவை மறுபடி கவனமாகச் செய்து பாலத்தை உறுதிப்படுத்தினார்கள்.

எனக்குப் பிடித்த சாட்சி இந்தக் கருவிகள் எதுவும் இல்லாத ஒன்று. 1930-களில் அமெரிக்காவில் ஷ்லெசிங்கரும் அவரது கூட்டாளிகளும் டைபோரேனோடு டிரைமெத்தில் போரேனைக் கலந்து, ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக மெத்தில் தொகுதிகளை நுழைத்துப் பார்த்தார்கள். ஒரு மெத்தில் நுழைந்தது, இரண்டு, மூன்று, நான்கு நுழைந்தது. ஐந்தாவது நுழையவே இல்லை. நான்குக்கு மேல் போக முயன்றால் மூலக்கூறு உடைந்து B(CH₃)₃ என்ற ஒற்றைப் போரான் மூலக்கூறாகிவிடும். ஆறு ஹைட்ரஜன்களும் ஈத்தேனில்போல ஒரே மாதிரியானவை என்றால் நான்கில் நிற்க என்ன காரணம்? ஆறில் இரண்டு ஹைட்ரஜன்கள் வேறு வேலை பார்க்கின்றன என்பதுதான் இதற்குச் சுலபமான விளக்கம். பாலமாக இருக்கும் ஹைட்ரஜனைப் பிடுங்கினால் பாலமே இல்லை, இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போய்விடும். இந்தப் பரிசோதனை முடிவு மேசைமேல் இருக்கும்போதே ஈத்தேன் வடிவம் இன்னும் பத்து வருடம் உயிரோடிருந்தது என்பது ஆச்சரியம்தான்.

இனி மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம். டைபோரேன் படத்தில் கோடுகளை எண்ணுங்கள்: முனைகளுக்கு நான்கு, பாலங்களுக்கு நான்கு, மொத்தம் எட்டு. கோட்டுக்கு இரண்டு எலக்ட்ரான் என்று பழகிய கை பதினாறு என்று எழுதிவிடும். என் வகுப்பில் ஒரு பையன் விடைத்தாளில் பதினாறு என்று எழுதி, கீழே "நான்கு எலக்ட்ரான் எங்கிருந்தோ வருகிறது" என்றும் நேர்மையாகக் குறித்திருந்தான். எங்கிருந்தும் வரவில்லை. பாலத்தின் இரண்டு கோடுகளும் சேர்ந்துதான் ஒரு சோடி. நாம் ஒரே வளைந்த குச்சியைக் கோத்தோமே, அதே மாதிரி. அதனால்தான் சில புத்தகங்களில் பாலத்தைப் புள்ளிக்கோடாகவோ வளைகோடாகவோ போடுகிறார்கள். பரீட்சையில் நீங்களும் அப்படிப் போட்டால் எண்ணும்போது கை தவறாது.

ஆனால் எட்டுக் கோடு கொண்ட எல்லாப் பாலப் படமும் இந்த வகை இல்லை. அலுமினியம் குளோரைடு ஆவியில் Al₂Cl₆ என்ற இரட்டை மூலக்கூறாக இருக்கும். வரைந்தால் டைபோரேனின் அச்சு அசல்: நடுவில் இரண்டு குளோரின் பாலம், வெளியே நான்கு. இதிலும் கணக்குப் போடுவோம். அலுமினியம் இரண்டுக்கும் சேர்த்து 6, குளோரின் ஆறுக்கும் 42, மொத்தம் 48 எலக்ட்ரான்கள், 24 சோடிகள். எட்டுக் கோடுகளுக்கு எட்டுச் சோடி போக 16 சோடிகள் மீதி. அவை குளோரின்களின் தனிச்சோடிகளாக உட்கார்ந்துகொள்கின்றன. பாலக் குளோரின் தன் தனிச்சோடி ஒன்றை எடுத்து இரண்டாவது அலுமினியத்துக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கோட்டிலும் நிஜமாகவே இரண்டு எலக்ட்ரான்கள். லூயிஸுக்கு இங்கே எந்தச் சங்கடமும் இல்லை. ஹைட்ரஜனிடம் கொடுக்கத் தனிச்சோடி எதுவும் கிடையாது, அதனால்தான் டைபோரேன் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஆக, பாலத்தில் இருக்கும் அணுவிடம் தனிச்சோடி உண்டா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கோடுகளை எண்ணுங்கள்.

குச்சிக் கணக்கு டைபோரேனோடு நிற்பதில்லை. B₄H₁₀-ஐ எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரான்கள் 12 + 10 = 22, பதினொரு குச்சிகள். அணுக்கள் 14, பழைய விதிப்படி ஒன்றாகக் கோக்க 13 குச்சிகள் வேண்டும், இரண்டு குறைகிறது. இதன் வடிவம் சிறகை உயர்த்திய பட்டாம்பூச்சி. நடு உடலில் இரண்டு போரான்கள், அவற்றுக்கு நடுவே ஒரு நேர்க்குச்சி. சிறகு நுனிக்கு ஒரு போரான் வீதம் இரண்டு. உடல் போரான் ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை ஹைட்ரஜன், சிறகுப் போரான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. இவற்றுக்கு ஆறு குச்சிகள். சிறகின் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு பால ஹைட்ரஜன், ஓரங்கள் நான்கு என்பதால் நான்கு வளைந்த குச்சிகள். ஒன்றும் ஆறும் நான்கும் பதினொன்று. கணக்கு ஒட்டிவிட்டது. எந்தப் போரானை வேண்டுமானாலும் தொட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக நான்கு குச்சிகள் அதைத் தொடும்.

இந்த உற்சாகத்தில் B₅H₉-க்குப் போனால் குச்சி தடுமாறுகிறது. 15 + 9 = 24 எலக்ட்ரான்கள், பன்னிரண்டு குச்சிகள். வடிவம் சதுர அடிப்பகுதி கொண்ட பிரமிடு: கீழே நான்கு போரான்கள், உச்சியில் ஒன்று. ஐந்து போரானுக்கும் முனை ஹைட்ரஜன் ஒவ்வொன்று, ஐந்து குச்சிகள் போயின. சதுரத்தின் நான்கு ஓரங்களிலும் பால ஹைட்ரஜன்கள், நான்கு வளைந்த குச்சிகள் போயின. மீதி மூன்று. உச்சிப் போரானைக் கீழே உள்ள நான்கோடும் பிணைக்க வேண்டும், கையில் மூன்று குச்சிகள். இரண்டை நேர்க்குச்சியாக இரண்டு போரானுக்குக் கொடுத்து, மூன்றாவதை உச்சியும் மீதி இரண்டு போரானும் சேர்ந்து மூன்று மையமாகப் பங்கிடச் செய்தால் எண்ணிக்கை சரியாகிவிடும்; எல்லாப் போரானுக்கும் எண்மமும் வந்துவிடும். ஆனால் அப்படிக் கோத்த பொம்மையில் கீழ்ப் போரான்கள் இரண்டு வகையாகிவிடுகின்றன. நிஜ மூலக்கூறில் அவை நான்கும் ஒன்றேபோல இருக்கின்றன, உச்சியிலிருந்து நான்குக்கும் ஒரே தூரம். எந்தப் பக்கம் திருப்பிக் குத்தினாலும் ஏதோ ஓர் ஓரம் கோணலாகவே நிற்கும். நான்கு திசைகளிலும் திருப்பிக் குத்திய நான்கு பொம்மைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்ததாக நினைத்துக்கொண்டால்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் வரலாம். அல்லது உச்சிப் போரானும் கீழ் நான்கும் சேர்ந்து, ஐந்து மையங்களும் ஒரேயடியாக அந்த மூன்று சோடிகளை வைத்திருக்கின்றன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து கடலைகளை ஒரே நேரத்தில் குத்தும் ஈர்க்குச்சி எந்தத் துடைப்பத்திலும் கிடைக்காது. B₅H₉-க்கு வரும்போது நான் கடலையை ஓரமாக வைத்துவிட்டு ஆர்பிட்டால் படத்தை எடுத்துவிடுவேன்.